பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்துவிட்டது, நம் ஆப்பில் இன்னும் பந்தே போடவில்லை: அறிகுறி வாரியாகத் தாமதத்தைக் கண்டுபிடித்துக் குறைக்கும் வழி

ஐபிஎல் போன்ற ஒரு டி20 ஆட்டத்தில், இடைவேளைகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் சுமார் 40, 50 நொடி ஆகிறது. ஆப்பில் ஆட்டம் கேபிளைவிட 40 நொடி பிந்தி வந்தால், நீங்கள் கிட்டத்தட்ட ஒரு பந்து பின்தங்கி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கும்போதே தெருவில் கூச்சல் கேட்பது இதனால்தான்.

இந்தத் தாமதத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, ஆப் வேலை செய்யும் விதத்திலேயே அமைந்திருப்பது. அதை வீட்டிலிருந்து யாரும் குறைக்க முடியாது. இன்னொன்று, உங்கள் வைஃபை, உங்கள் டிவி, நீங்கள் அழுத்திய பாஸ் பட்டன் ஆகியவை மேலே ஏற்றிவைத்தது. அதை முழுதாக இறக்கிவிடலாம். எது எவ்வளவு என்று தெரியாமல் பிளானை மாற்றுவதும் ரவுட்டரை மாற்றுவதும் வீண் செலவு. ஆகவே முதல் வேலை அளப்பது.

## அளக்கும் முறை

கேபிளும் ஆப்பும் ஒரே அறையில் ஓட வேண்டும். இரண்டின் சத்தத்தையும் குறைத்துவிடுங்கள். இரண்டு வர்ணனையும் கலந்து கேட்டால் கணக்கு குழம்பும். மட்டையில் பந்து படும் நொடியைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். கேபிளில் பட்டதும் செல்பேசியின் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, அதே பந்து ஆப்பில் படும்போது நிறுத்துங்கள். இதைவிடத் துல்லியம் வேண்டுமானால், இரண்டு திரையும் ஒரே சட்டத்துக்குள் தெரியும்படி இன்னொரு செல்பேசியில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஸ்கோர் பட்டையில் எண் மாறும் இடத்தைக் குறியாக வைக்க வேண்டாம். சில நேரம் டிவிக்கும் ஆப்புக்கும் தனித்தனி கிராபிக்ஸ் போடுவார்கள். இரண்டிலும் எண் ஒரே தருணத்தில் மாறும் என்று நம்ப முடியாது.

வீட்டில் கேபிள் இல்லையா? கேபிளோ டிடிஹெச்சோ வைத்திருக்கும் நண்பரைப் போனில் பிடித்து, அவர் "பட்டாச்சு" என்று சொல்லும்போது தொடங்குங்கள். போன் அழைப்பின் தாமதம் பொதுவாக அரை நொடிக்குள்தான். நாம் தேடும் அளவுக்கு அது பொருட்டல்ல.

ஒரு முறை அளந்தால் போதாது. ஆப்பைப் புதிதாகத் திறந்த உடனே ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை அளக்க வேண்டும். உதாரணமாக, 7:30 மணி ஆட்டத்தில் தொடக்கத்தில் 22 நொடி, எட்டேகாலுக்கு 26 நொடி, ஒன்பது மணிக்கு 41 நொடி என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். இதில் 22 ஆப்பினுடையது. மீதி 19 நொடி வீட்டில் சேர்ந்தது. கீழே உள்ள முதல் அறிகுறி அந்த 22-ஐப் பற்றியது. இரண்டாவதும் மூன்றாவதும் அந்த 19-ஐப் பற்றியவை.

கேபிளும் மைதானத்தோடு ஒத்துப்போவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். படத்தைச் சுருக்குவதற்கும், பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்குவதற்கும், கேபிள்காரரின் கட்டுப்பாட்டு அறையைக் கடப்பதற்கும் சேர்த்துச் சில நொடிகள் ஆகும். ஏறி இறங்கும் பயணத்துக்குக் கால் நொடிதான். மீதியெல்லாம் படத்தைச் சுருக்கி விரிக்கும் வேலை. நாம் அளப்பது மைதானத்திலிருந்து வந்த தாமதம் அல்ல, கேபிளுக்கும் ஆப்புக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

## அறிகுறி 1: தொடக்கத்திலிருந்தே 20, 30 நொடி தாமதம், அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை

இது கோளாறு அல்ல. ஆப் இப்படித்தான் ஓடும்படி செய்யப்பட்டிருக்கிறது.

கேபிளிலும் டிஷ்ஷிலும் படம் குழாய்த் தண்ணீர் மாதிரி இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். வந்ததை செட்டாப் பாக்ஸ் உடனே காட்டிவிடும். ஆப்பில் அதே தண்ணீர் குடம் குடமாக வருகிறது. ஒரு குடம் நிறைந்தால்தான் தூக்க முடியும். வீட்டில் மூன்று குடம் சேர்ந்த பிறகுதான் ஆப் முதல் டம்ளரையே ஊற்றும்.

குடம் என்று இங்கே சொன்னது செக்மென்ட்டை. ஆட்டத்தின் ஓட்டத்தை 2, 4 அல்லது 6 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக சர்வரில் வைப்பார்கள். அந்தக் கோப்புகளின் பட்டியல் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆப்பிள் உருவாக்கிய HLS முறையில் அந்தப் பட்டியல் இப்படி இருக்கும்:

```
#EXTM3U
#EXT-X-TARGETDURATION:6
#EXT-X-MEDIA-SEQUENCE:48210
#EXTINF:6.000,
seg48210.ts
#EXTINF:6.000,
seg48211.ts
#EXTINF:6.000,
seg48212.ts
```

இரண்டாவது வரியில் உள்ள 6 தான் துண்டின் அதிகபட்ச நீளம். HLS-க்கான விதிகளை 2017-இல் RFC 8216 என்ற ஆவணமாக வெளியிட்டார்கள். நேரலையைத் திறக்கும் பிளேயர், பட்டியலின் கடைசி முனையிலிருந்து மூன்று துண்டு நீளத்துக்கும் குறைவான தூரத்தில் தொடங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆறு நொடித் துண்டு என்றால் 18 நொடி அங்கேயே போய்விட்டது. அதற்கு முன்னால், ஒரே படத்தை 240p முதல் 1080p வரை பல தரங்களில் சுருக்க மூன்று நான்கு நொடி. இன்னும் நிறையாத துண்டு நிறைவதற்குச் சராசரியாக மூன்று நொடி. சர்வர்களைக் கடந்து பட்டியல் உங்கள் கைக்கு வர ஓரிரு நொடி. கூட்டினால் 25 முதல் 27 நொடி வருகிறது. கேபிள் எடுத்துக்கொள்ளும் ஐந்தாறு நொடியைக் கழித்துவிட்டால், மேலே உதாரணத்தில் வந்த 22-க்குப் பக்கத்தில் நிற்கும்.

துண்டைச் சிறிதாக்கினால் என்ன? அதற்கும் வழி இருக்கிறது. துண்டு முழுதாக நிறையும்வரை காத்திருக்காமல், ஒரு நொடிக்கும் குறைவான சிறு பகுதிகளாக அனுப்பும் லோ லேட்டன்சி முறையை ஆப்பிள் 2019-இல் அறிவித்தது. HLS போலவே துண்டு துண்டாக அனுப்பும் DASH என்ற இன்னொரு முறையிலும் இதற்கு இணையானது உண்டு. ஒழுங்காக அமைத்தால் கேபிளுக்குச் சமமாகவே கொண்டுவரலாம். ஆனால் ஆப் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும் கையிருப்பு, அதாவது பஃபர், 18 நொடியிலிருந்து மூன்று நொடிக்கு இறங்கிவிடும். ஓடும் ரயிலில் செல்பேசி ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மாறும்போது நான்கு நொடி சிக்னல் போனால், பழைய முறையில் பார்ப்பவருக்கு எதுவுமே தெரியாது. புதிய முறையில் படம் நின்றுவிடும். சர்வருக்குப் போகும் கோரிக்கைகளின் எண்ணிக்கையும் பல மடங்காகும். 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். இந்த அளவு கூட்டத்துக்கு ஆட்டம் காட்டும்போது, 20 நொடி பிந்தினாலும் பரவாயில்லை, சுற்றும் வட்டம் வரக்கூடாது என்று ஆப் நடத்துபவர்கள் முடிவெடுப்பதில் நியாயம் இருக்கிறது. பந்தயம் கட்டுபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்த முடிவு சரியானதுதான்.

இந்த அறிகுறிக்கு நீங்கள் செய்யக்கூடியது குறைவு. ஆப்பைப் புதுப்பித்துப் பாருங்கள். சில நேரம் புதிய பதிப்பில் பஃபர் அளவு மாறியிருக்கும். ஒரே ஆட்டம் இரண்டு இடங்களில் வருகிறதென்றால் இரண்டையும் அளந்து, குறைவாக உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். முந்திப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் டிஷ் அல்லது கேபிள் இணைப்புதான் விடை.

இணையப் பிளானைப் பெரிதாக்குவதால் இந்த 22 நொடியில் அரை நொடிகூடக் குறையாது. 1080p ஆட்டத்துக்குத் தேவைப்படுவது சுமார் 5 முதல் 8 எம்பிபிஎஸ். 40 எம்பிபிஎஸ் பிளானில் இருப்பவர் 200-க்கு மாறினால், துண்டு இன்னும் வேகமாக வீட்டுக்கு வந்து, அதே மூன்று குடத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். டிவியின் கேம் மோடும் அப்படித்தான். அது மிச்சப்படுத்துவது நொடியின் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். விபிஎன் போட்டால் பாதை நீளுமே ஒழியக் குறையாது.

## அறிகுறி 2: தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போகத் தாமதம் கூடுகிறது

பெரும்பாலான வீடுகளில் உள்ளது இதுதான். நல்ல வேளையாக, சரிசெய்யக்கூடியதும் இதுதான்.

படம் நான்கு நொடி நின்று வட்டம் சுற்றியது என்று வையுங்கள். மறுபடி ஓடும்போது பிளேயர் விட்ட இடத்திலிருந்துதான் தொடரும், நேரலையின் முனைக்குத் தாவாது. அந்த நான்கு நொடி நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது. இன்னிங்ஸில் நாலைந்து முறை இப்படி நின்றால் 20 நொடி கூடிவிடும். சில பிளேயர்கள் வேகத்தைச் சற்றே கூட்டி, காதுக்குத் தெரியாமல் பின்தங்கியதைப் பிடித்துவிடும். பல ஆப்களில் அந்த வசதி இருக்காது, அல்லது அணைத்து வைத்திருப்பார்கள். இணையப் பக்கங்களில் பரவலாகப் பயன்படும் hls.js என்ற பிளேயரில்கூட இயல்பு நிலையில் அது ஓடாது.

முதலில் சேர்ந்ததை இறக்குங்கள். திரையைத் தொட்டால் கீழே ஓட்டப் பட்டை வரும். அதன் ஓரத்தில் `LIVE` அல்லது `GO LIVE` என்று இருக்கும். புள்ளி சிவப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருந்தால் நீங்கள் பின்தங்கி இருக்கிறீர்கள். அழுத்தினால் முனைக்குப் போய்விடும். சிவப்பாகவே இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். இத்தனை நொடிக்குள் இருந்தால் லைவ் என்று காட்டு என்று ஒரு எல்லை வைத்திருப்பார்கள். 15 நொடி பின்தங்கியும் சிவப்பாகவே இருக்கலாம். அப்போது ஆப்பை முழுதாக மூடித் திறக்க வேண்டும். செல்பேசியில் அண்மை ஆப் பட்டியலில் தள்ளிவிட்டால் போதும். ஆண்ட்ராய்டு டிவியில் ரிமோட்டின் ஹோம் பட்டனை அழுத்துவது மூடுவது ஆகாது, ஆப் பின்னணியில் அப்படியே இருக்கும். `Settings`, `Apps` போய், ஆப்பைத் தேர்ந்து `Force stop` கொடுத்துவிட்டுத் திறங்கள்.

யூடியூப்பில் வரும் நேரலை என்றால் ஊகிக்கவே வேண்டியதில்லை. கணினியில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து `Stats for nerds` திறந்தால் `Live Latency`, `Buffer Health` என்று இரண்டு எண்கள் நொடிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். முதலாவது கூடிக்கொண்டே போனால் அறிகுறி இரண்டு உறுதி.

கணினியின் பிரௌசரில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. F12 அழுத்தி `Console` பகுதியில் இதை ஒட்டுங்கள்:

```
v = document.querySelector('video')
v.buffered.end(v.buffered.length-1) - v.currentTime
```

வரும் எண், இறக்கி வைத்தும் இன்னும் காட்டாமல் இருக்கும் படம் எத்தனை நொடி என்பது. அது 25 என்று வந்தால், வலை நன்றாகத்தான் இருக்கிறது, பிளேயர்தான் அனாவசியமாகப் பின்னால் நிற்கிறது. `v.playbackRate = 1.1` என்று கொடுத்தால் ஒவ்வொரு பத்து நொடிக்கும் ஒரு நொடி வீதம் முன்னேறும். இரண்டு நிமிடத்தில் 12 நொடி பிடித்துவிடலாம், வர்ணனையின் குரலிலும் பெரிய மாற்றம் தெரியாது. முடிந்ததும் `1` என்று திருப்பிவிட மறக்கக் கூடாது; மறந்தால் கையிருப்பு தீர்ந்து படம் நின்று, பிடித்ததெல்லாம் கைவிட்டுப் போகும்.

இவை இறக்கும் வழிகள். ஏறாமல் தடுப்பதுதான் முக்கியம். அதற்குப் படம் ஏன் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். டிவிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இரண்டு செங்கல் சுவர் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தளர்ந்துவிடும்; 2.4 சுவர் தாண்டும், ஆனால் அடுக்குமாடியில் சுற்றிலும் உள்ள இருபது ரவுட்டர்களோடு மோதும். டிவிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டால் இந்தத் தகராறு முழுதும் தீர்ந்தது. பல டிவிகளில் லேன் சாக்கெட் 100 எம்பிபிஎஸ்தான் தரும் என்று சிலர் தயங்குவார்கள். ஆட்டத்துக்கு எட்டு போதும் என்று மேலே பார்த்தோம்.

கேபிள் இழுக்க முடியாதவர்கள் தரத்தை `Auto`-வில் விடாமல் 720p-இல் நிறுத்தி வைக்கலாம். ஆட்டோவில் விட்டால், வலை கொஞ்சம் நன்றாக இருக்கும்போது ஆப் 1080p-க்கு ஏறும், அடுத்த தளர்ச்சியில் அந்தப் பெரிய துண்டு நேரத்துக்கு வந்து சேராது, படம் நிற்கும். ஆட்டம் நடக்கும்போது வீட்டுச் செல்பேசிகள் புகைப்படங்களை மேகக் கணக்குக்கு ஏற்றிக்கொண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஏற்றும் பக்கம் அடைபட்டால், இறக்கும் பக்கத்தின் கோரிக்கைகளும் வரிசையில் மாட்டிக்கொள்ளும். ஸ்பீட் டெஸ்டில் இது தெரியாமலே போகலாம்.

இத்தனைக்கும் பிறகு தினமும் ஒன்பது மணி வாக்கில் மட்டும் நிற்கிறதென்றால், குற்றம் வீட்டுக்கு வெளியே. இரண்டு ஓவருக்கு மட்டும் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் டிவியை ஓட்டிப் பாருங்கள். 5 எம்பிபிஎஸ் வீதம் எட்டு நிமிடத்துக்கு 300 எம்பி செலவாகும். ஹாட்ஸ்பாட்டில் நிற்காமல் ஓடினால், சந்தேகம் பிராட்பேண்ட் இணைப்பின் மேல் விழுகிறது. புகார் கொடுக்கும்போது "ஸ்லோவாக இருக்கிறது" என்று சொல்லாமல் நேரத்தையும் இந்த ஒப்பீட்டையும் சொல்லுங்கள். லைன்மேன் பகல் பதினோரு மணிக்கு வந்து ஸ்பீட் டெஸ்ட் காட்டிவிட்டுப் போவதற்கு அப்போது இடம் இருக்காது.

## அறிகுறி 3: LIVE அழுத்தினால் உடனே வட்டம் சுற்றுகிறது, மறுபடி பின்னால் போய்விடுகிறது

முனைக்குத் தாவும்போது கையிருப்பில் இருந்த துண்டுகளை ஆப் தூக்கி எறிந்துவிட்டு, புதிதாக நிரப்பத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் வலை தேவையைவிடச் சற்றே வேகமாக இருந்தால் போதாது, நன்றாகவே மிச்சம் இருக்க வேண்டும். 6 எம்பிபிஎஸ் கேட்கும் படத்துக்கு 7 எம்பிபிஎஸ் வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டம் ஓடும். காலியான கையிருப்பு சீக்கிரம் நிரம்பாது. மறுபடி மறுபடி அழுத்துகிறவர் ஒவ்வொரு முறையும் தன் கையிருப்பைத் தானே கொட்டிக் கவிழ்க்கிறார்.

வரிசையை மாற்றுங்கள். முதலில் தரத்தை 480p அல்லது 720p-க்கு இறக்குங்கள். அரை நிமிடம் ஓடவிடுங்கள். அதன் பிறகு `LIVE` ஒரே ஒரு முறை. ஒரு ஓவர் முழுதும் நிற்காமல் ஓடினால் தரத்தை ஒரு படி ஏற்றிப் பார்க்கலாம். அப்போதும் நின்றால், அந்த வலையில் அதற்கு மேல் முன்னேற முடியாது. வேண்டுமென்றே பத்து நொடி பின்னால் தள்ளி வைத்துக்கொள்வதே நல்லது. நின்று நின்று முன்னால் போவதைவிட நிற்காமல் பின்னால் வருவது ஆட்டத்தைக் கெடுக்காது.

## அறிகுறி 4: ஒரே வீடு, ஒரே ஆப், ஆனால் செல்பேசி முந்துகிறது, டிவி பிந்துகிறது

பெயர் ஒன்றாக இருந்தாலும் செல்பேசி ஆப்பும் டிவி ஆப்பும் வேறு வேறு நிரல்கள். டிவியில் எவ்வளவு கையிருப்பு வைப்பது என்பதை டிவிக்காரரின் மென்பொருளும் சேர்ந்து முடிவெடுக்கும். பழைய ஸ்மார்ட் டிவிகளில் கொஞ்சம் தாராளமாகவே வைப்பார்கள். ஐந்து முதல் பத்து நொடி வித்தியாசம் வந்தால் அதில் வியப்பில்லை. ஒரே மாடல் செல்பேசிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒரு துண்டு அளவுக்கு விலகலாம். ஒன்று புதுத் துண்டு வந்த கணத்தில் நுழைந்திருக்கும், மற்றது அதற்கு ஒரு நொடி முன்னால் நுழைந்து பழைய துண்டிலிருந்து தொடங்கியிருக்கும்.

செல்பேசியிலிருந்து டிவிக்கு அனுப்பிப் பார்ப்பவர்கள், காஸ்ட் செய்கிறோமா மிரர் செய்கிறோமா என்று பார்க்க வேண்டும். காஸ்ட் செய்தால் செல்பேசி வெறும் ரிமோட். படத்தை டிவியே நேரடியாக சர்வரிலிருந்து எடுக்கிறது. அதனால் அழுத்திய நிமிடத்தில் புதுக் கையிருப்போடு தொடங்கும். மிரர் செய்தால் செல்பேசித் திரையே மறுபடி சுருக்கப்பட்டு வைஃபையில் போகிறது. அதே வைஃபை இரட்டைச் சுமை தூக்குகிறது, படம் நிற்கும் வாய்ப்பு கூடுகிறது. பழைய டிவியின் ஆப் தொடர்ந்து பிந்தினால், எச்டிஎம்ஐ சாக்கெட்டில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகி அதே ஆட்டத்தை அளந்து பாருங்கள். வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கி அளப்பது உத்தமம்.

## அறிகுறி 5: கேபிள் பாக்ஸ்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் தெருவிலேயே கடைசியாகப் பார்க்கிறேன்

அது கேபிள் பாக்ஸ்தானா? ஃபைபர் இணைப்போடு வரும் பல பாக்ஸ்களில் சேனல் எண்ணும் ரிமோட்டும் கேபிள் மாதிரியே இருக்கும். உள்ளே ஓடுவது ஆப்தான். சேனல் ஓடும்போது பாக்ஸின் லேன் கேபிளைக் கழற்றுங்கள் அல்லது வைஃபையை அணையுங்கள். சில நொடியில் படம் நின்றால், அது இணையத்தில் வருகிறது. மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். நிற்காமல் ஓடினால் டிஷ் அல்லது கோஆக்ஸ் வழியாகத்தான் வருகிறது.

உண்மையான டிஷ் பாக்ஸாக இருந்து, அதில் ரெக்கார்டிங் வசதியும் இருந்தால், யாரோ பாஸ் அழுத்தி மறுபடி ஓடவிட்டிருக்கலாம். சேனலை மாற்றித் திரும்பினால் நேரலைக்கு வந்துவிடும். கேபிளுக்கும் டிடிஹெச்சுக்கும் இடையில் ஒன்றிரண்டு நொடி வித்தியாசம் இருக்கவே செய்யும். கேபிள்காரர் செயற்கைக்கோளிலிருந்து எடுத்ததைத் தன் இடத்தில் மறுபடி கட்டி அனுப்புகிறார் அல்லவா? ஒரே சேனலின் எச்டியும் எஸ்டியும்கூடச் சரியாக ஒத்துப்போகாது. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் இந்திய அணியின் ஆட்டம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு கட்டம் கூடுதல். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒளிபரப்பு உரிமை பெற்ற நிறுவனம் பகிர்ந்தே ஆக வேண்டிய காட்சியை வாங்கி, தூர்தர்ஷன் தன் வழியில் மறுபடி ஏற்றுகிறது. இவற்றில் எதையும் வீட்டிலிருந்து திருத்த முடியாது.

## அறிகுறி 6: தாமதம் நொடியில் இல்லை, நிமிடத்தில் இருக்கிறது

இரண்டு நிமிடத்துக்கு மேல் என்றால் வலையைச் சந்தேகிக்க வேண்டாம். போன் வந்தபோது பாஸ் ஆகியிருக்கும், அல்லது திறக்கும்போது முதலிலிருந்து பார்க்கும் பட்டன் அழுந்தியிருக்கும், அல்லது விட்ட இடத்திலிருந்து தொடர் என்று ஆப்பே உதவி செய்திருக்கும். `LIVE` ஒரு முறை அழுத்தினால் சரியாகிவிடும்.

## அறிகுறி 7: கேபிளும் இல்லை, பக்கத்து வீட்டுச் சத்தமும் இல்லை, ஆனால் விக்கெட் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது

ஸ்கோர் ஆப்பின் அறிவிப்பு. மைதானத்திலோ நேரடிக் காட்சியிலோ ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் பந்துக்குப் பந்து பதிவு செய்கிறார்; சில எழுத்துகள் உங்கள் செல்பேசிக்கு வந்து சேர ஓரிரு நொடி போதும். வீடியோவுக்கு ஆகும் துண்டு, கையிருப்பு எதுவும் அதற்கு இல்லை. ஆட்டம் காட்டும் ஆப்பே ஒரு பக்கம் படத்தைப் பிந்தி அனுப்பிக்கொண்டு, மறு பக்கம் விக்கெட் அறிவிப்பை முந்தி அனுப்புவதும் நடக்கிறது. ஸ்கோர் ஆப், ஆட்டம் காட்டும் ஆப், பிரௌசர் மூன்றின் அறிவிப்புகளையும் ஆட்டம் முடியும்வரை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்தாலும் பூட்டுத் திரையில் முன்னோட்டம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## இரண்டு வீட்டில் இருந்துகொண்டு சேர்ந்து பார்க்க

மதுரையில் அப்பா கேபிளிலும் பெங்களூரில் மகள் ஆப்பிலும் போனில் பேசிக்கொண்டே பார்க்கிறார்கள் என்றால், பிந்துகிறவரை முன்னால் இழுக்க முயல வேண்டாம். முந்துகிறவரைத்தான் நிறுத்த வேண்டும். அப்பாவின் பாக்ஸில் ரெக்கார்டிங் வசதி இருந்தால், மகள் "இப்போ பட்டுச்சுப்பா" என்று சொல்லும்போது எத்தனை நொடி வித்தியாசம் என்று எண்ணி, அத்தனை நொடி பாஸ் செய்துவிட்டு ஓடவிடலாம். சாதாரண பாக்ஸில் பாஸ் கிடையாது. அப்போது இருவரும் ஒரே ஆப்புக்கு வந்துவிடுவதே வழி. இருவரும் ஒரே மாதிரிச் சாதனத்தில், டிவி என்றால் இருவரும் டிவியில், திறந்தால் மிச்சம் ஐந்தாறு நொடிக்குள் அடங்கும். முந்துகிறவர் அதையும் பாஸ் பட்டனால் சரிசெய்துகொள்ளலாம். நடுவில் யாருக்காவது படம் நின்றால் கணக்கு மாறிவிடும். ஸ்ட்ராட்டஜிக் டைம்அவுட் முடிந்து முதல் பந்து போடும்போது ஒரு முறை "பட்டுச்சா?" என்று கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.